சுவர் குடிக்கும் தண்ணீர்



உங்கள் தாத்தா வீட்டிலோ, பள்ளிக்கூடத்தின் பழைய கட்டிடத்திலோ இப்படி ஒரு சுவரைப் பார்த்திருப்பீர்கள். தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை, சில இடங்களில் இடுப்பு உயரம் வரை, சுவர் நிறம் மங்கி ஈரமாக இருக்கும். அந்த ஈரத்தின் மேல் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். விரலால் தேய்த்தால் பூச்சு மாவாக உதிரும். "சுவரில் ஓதம் ஏறிவிட்டது" என்பார்கள் பெரியவர்கள். உடனே கொத்தனாரை அழைத்து, உதிர்ந்த பகுதியைக் கொத்தி எடுத்துவிட்டு, நல்ல சிமெண்டுக் கலவையாகப் போட்டு அழுத்திப் பூசச் சொல்வார்கள்.

இந்த வைத்தியம் ஓதத்தை நிறுத்தாது. அதை மேலே ஏற்றிவிடும் என்பதே என் கட்சி. அது ஏன் என்பதைத்தான் இக்கட்டுரையில் சொல்லப் போகிறேன்.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். காவிரிப் பாசனப் பகுதியில் உள்ள ஒரு சிற்றூரில் எங்கள் பூர்வீக வீடு இருக்கிறது. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு என் தாத்தா கட்டியது. அதன் கூடத்துச் சுவரில் 2 அடி உயரம் வரை ஓதம் இருந்தது. 2012-ஆம் ஆண்டில் என் தந்தையார் சுவரின் இருபுறமும் 3 அடி உயரத்துக்குச் சிமெண்டுப் பூச்சு பூசி, அதன்மேல் எண்ணெய் வண்ணமும் அடிக்க ஏற்பாடு செய்தார். "சரியாக இருக்குமா?" என்று என்னைக் கேட்டார். கல்லூரியில் ஆண்டுதோறும் நுண்புழை ஏற்றத்தைக் கரும்பலகையில் படம் போட்டு விளக்கும் நான், "சரியாக இருக்கும் அப்பா" என்றேன். மூன்று ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, சிமெண்டுப் பூச்சுக்கும் மேலே, ஏறக்குறைய 4 அடி உயரத்தில் புதிய ஈரக்கோடு தெரிந்தது. பாட்டியின் படத்தை மாட்டியிருந்த ஆணி துருப்பிடித்துக் கழன்று விழுந்திருந்தது. என் பாடம் கரும்பலகையோடு நின்றுவிட்டது என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

கணக்கு சொல்லும் உயரமும் சுவர் காட்டும் உயரமும்

ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாயைத் தண்ணீரில் நிறுத்தினால், குழாய்க்குள் தண்ணீர் வெளி மட்டத்தைவிட உயர்ந்து நிற்கும். இது உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. தண்ணீர் மூலக்கூறுகளைக் கண்ணாடி தன்பால் இழுக்கிறது. அதனால் தண்ணீரின் மேற்பரப்பு குழாயின் ஓரங்களில் ஏறிக் குழிகிறது. பரப்பு இழுவிசை அந்தக் குழிவைத் தட்டையாக்கப் பார்க்கும்போது கீழே உள்ள தண்ணீரும் மேலே இழுக்கப்படுகிறது. தூக்கப்பட்ட தண்ணீரின் எடை இந்த இழுப்புக்குச் சமமானதும் ஏற்றம் நின்றுவிடுகிறது.

குழாய் எவ்வளவு குறுகலோ, ஏற்றம் அவ்வளவு அதிகம். விட்டம் 1 மி.மீ. ஆனால் தண்ணீர் சுமார் 3 செ.மீ. ஏறும். விட்டம் பத்தில் ஒரு பங்கு ஆனால் ஏற்றம் பத்து மடங்காகி 30 செ.மீ. ஆகும்.

இனிச் செங்கல்லுக்கு வருவோம். சுட்ட செங்கல் பார்ப்பதற்குக் கெட்டிப் பொருள். உள்ளே எண்ணற்ற நுண்துளைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அவற்றில் ஒரு துளையின் விட்டம் 0.002 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். நமது கணக்குப்படி தண்ணீர் எவ்வளவு ஏறவேண்டும்? 15 மீட்டர்! அதாவது நான்கு மாடிக் கட்டிடத்தின் உச்சிவரை சுவர் நனைந்திருக்கவேண்டும். அப்படி நனைந்த கட்டிடத்தை நீங்கள் பார்த்ததுண்டா? நான் பார்த்ததில்லை. ஓதம் பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள் நின்றுவிடுகிறது.

எங்கே பிழை? கணக்கில் பிழை இல்லை. கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பக்கவாட்டில் வெளியேற முடியாது. சுவரிலோ, ஏறுகின்ற தண்ணீர் வழியெல்லாம் இருபுறத்துப் பரப்புகளிலிருந்தும் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. ஆகவே சுவரில் ஏற்றத்தை நிறுத்துவது தண்ணீரின் எடை அன்று, ஆவியாதல்தான். வகுப்பில் நான் சொல்லத் தவறியது இதுவே.

வரவும் செலவும்

இதை ஒரு குடும்பத்தின் வரவு செலவு போலப் பாருங்கள். அடியிலிருந்து சுவருக்குள் ஏறும் தண்ணீர் வரவு. பரப்பிலிருந்து ஆவியாகும் தண்ணீர் செலவு.

ஈரக்கோடு உயர உயர, வரவு குறைகிறது. மிகக் குறுகலான துளைகளின் வழியே தண்ணீர் நீண்ட தூரம் போகவேண்டியிருப்பதால் உராய்வுத் தடை கூடுகிறது. உயரம் இரு மடங்கானால் வரவு பாதியாகிவிடும். செலவோ அதற்கு நேர்மாறு. உயரம் இரு மடங்கானால் ஈரமான பரப்பும் இரு மடங்காகும். செலவும் இரு மடங்காகும். ஒன்று குறைய மற்றொன்று வளர, இரண்டும் சமமாகும் உயரத்தில் ஈரக்கோடு நிலைத்துவிடுகிறது.

எண்களை வைத்துப் பார்ப்போம். ஒரு மீட்டர் நீளச் சுவரில் ஈரம் 60 செ.மீ. உயரத்தில் நிற்கிறது. ஒரு சதுர மீட்டர் ஈரச் சுவரிலிருந்து ஒரு நாளில் 1.5 லிட்டர் தண்ணீர் ஆவியாகிறது என்று கொள்வோம். ஈரப் பரப்பு 0.6 சதுர மீட்டர். எனவே நாளொன்றுக்குச் செலவு 0.9 லிட்டர். கோடு நிலையாக நிற்பதால் வரவும் 0.9 லிட்டரே. ஒரு மீட்டர் நீளச் சுவர் தினமும் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்கிறது!

இப்போது சிமெண்டுப் பூச்சும் எண்ணெய் வண்ணமும் போடுகிறோம். ஆவியாதல் கால் பங்காகக் குறைகிறது என்று கொள்வோம். நிலத்தடி நீருக்கு இது எதுவும் தெரியாது. அது முன்போலவே 0.9 லிட்டர் அனுப்புகிறது. ஆனால் வெளியேறுவது 0.225 லிட்டர்தான். மீதி எங்கே போகும்? மேலே ஏறும். எதுவரை ஏறும்? உயரம் 120 செ.மீ. ஆகும்போது வரவு பாதியாகி 0.45 லிட்டர் ஆகிறது. ஈரப் பரப்பு 1.2 சதுர மீட்டர். அதன் ஒவ்வொரு சதுர மீட்டரிலிருந்தும் 0.375 லிட்டர் ஆவியாக, மொத்தச் செலவும் 0.45 லிட்டர். வரவும் செலவும் மீண்டும் சமம். ஆவியாதலைக் கால் பங்காக்கினோம். ஓதம் இரு மடங்கு உயரத்துக்குப் போயிற்று.

எங்கள் கூடத்துச் சுவரில் ஈரக்கோடு 2 அடியிலிருந்து 4 அடிக்கு ஏறியதை நினைத்துப் பாருங்கள். கொத்தனாரின் வேலையில் குறையே இல்லை. அவர் நன்றாகப் பூசியதால்தான் ஓதம் நன்றாக ஏறியது.

உப்பின் வேலை

தண்ணீர் தனியாக ஏறுவதில்லை. மண்ணிலுள்ள உப்புகளைக் கரைத்துச் சுமந்துகொண்டே ஏறுகிறது. ஆவியாகும்போது தண்ணீர் போய்விடும், உப்பு தங்கிவிடும். லிட்டருக்கு 1 கிராம் உப்பு இருந்தால்கூட, நாளுக்கு 0.9 லிட்டர் குடிக்கும் சுவரில் ஓராண்டில் 330 கிராம் உப்புச் சேர்ந்துவிடும்.

சுவரின் மேற்பரப்பிலேயே ஆவியாதல் நடந்தால் உப்பு வெளியில் பூக்கும். துடைத்துவிடலாம், பெரிய கேடில்லை. பரப்புக்குச் சற்று உள்ளே ஆவியாதல் நடந்தால், உப்புப் படிகங்கள் நுண்துளைகளுக்குள்ளேயே வளரும். வளரும் படிகம் துளையின் சுவரை நெம்பித் தள்ளுகிறது. செங்கல் பொடிப்பொடியாக உதிர்வது இதனால்தான். கெட்டியான சிமெண்டுப் பூச்சு, ஆவியாகும் இடத்தை உள்ளே தள்ளிவிடுகிறது. பூச்சுக்குப் பின்னால் உப்பு வளர்ந்து, கடைசியில் பூச்சு பலகை பலகையாகப் பெயர்ந்து விழுகிறது. விழும்போது செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு விழுகிறது.

உப்புக்கு இன்னொரு குணமும் உண்டு. மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோற்றுப்பே காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். சுவரிலுள்ள உப்பும் அப்படியே. எனவே கீழிருந்து வரும் தண்ணீரை முழுதும் நிறுத்திய பிறகும், உப்பேறிய பழைய பூச்சை அகற்றாவிட்டால், ஐப்பசி கார்த்திகையில் சுவர் மறுபடி ஈரமாகத் தோன்றும். "வைத்தியம் பலிக்கவில்லை" என்று நாமும் தவறாக முடிவு கட்டுவோம்.

மூன்று காகிதத் துண்டுகள்

நான் சொல்வதை அப்படியே நம்பவேண்டாம். செய்து பாருங்கள். உறிஞ்சுதாளில் 2 செ.மீ. அகலமும் 25 செ.மீ. நீளமும் கொண்ட மூன்று துண்டுகளை வெட்டிக்கொள்ளுங்கள்.

முதல் துண்டை, அதன் அடிமுனை 1 செ.மீ. மூழ்குமாறு, ஒரு தம்ளர் தண்ணீரில் தொங்கவிட்டு மின்விசிறிக் காற்று படுமாறு வையுங்கள். தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்புக் கரைத்திருக்கட்டும். இரண்டாவது துண்டை உயரமான ஒரு புட்டிக்குள், அடியிலுள்ள அதே உப்புத் தண்ணீரைத் தொடுமாறு தொங்கவிட்டு மூடியைத் திருகிவிடுங்கள். மூன்றாவது துண்டின் அடியிலிருந்து 3 செ.மீ. உயரத்தில், குறுக்கே விரல் அகலத்துக்கு உருகிய மெழுகைத் தடவுங்கள். மெழுகு தாளின் மறுபுறம் வரை ஊறியிருக்கவேண்டும். பெரியவர் ஒருவர் உடனிருக்க இதைச் செய்யுங்கள். மெழுகு உறைந்ததும் முதல் துண்டைப் போலவே தொங்கவிடுங்கள்.

மறுநாள் பாருங்கள். காற்றில் இருந்த துண்டில் ஈரம் ஓரிடத்தில் நின்று, அங்கே வெள்ளை உப்புக்கோடு படிந்திருக்கும். இதுவே பழைய சுண்ணாம்புச் சுவர். மூடிய புட்டியில் இருந்த துண்டில் ஈரம் அதைவிட உயரத்தில் இருக்கும். இது சிமெண்டு பூசிய சுவர். மெழுகிட்ட துண்டில் மெழுகுக்கு மேலே தாள் உலர்ந்தே இருக்கும். ஓதத்தை உண்மையாகவே நிறுத்துவது இந்த மூன்றாவது வழி ஒன்றுதான். சுவரின் முழுக் கனத்துக்கும் குறுக்கே, தண்ணீர் ஊறாத ஓர் அடுக்கு. புதிய வீடு கட்டும்போது அடித்தளத்தின் மேல் மட்டத்தில் இடுகிறார்களே ஓதத்தடுப்பு அடுக்கு, அது இதுதான்.

இனி ஒரு வேலை பாக்கியிருக்கிறது. மெழுகிட்ட துண்டு இருக்கும் தம்ளரில், மெழுகுப் பட்டை மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றுங்கள். சற்று நேரத்தில் மேலேயுள்ள தாள் நனையத் தொடங்கும். மெழுகு கெடவில்லை. அது தண்ணீருக்குக் கீழே போய்விட்டது, அவ்வளவே. இதே சோதனை ஒரு நகரம் முழுவதிலும் நடந்துகொண்டிருக்கிறது.

வெனிஸ் நகரத்தின் கல்

இத்தாலியின் வெனிஸ் நகரம் கடற்கழியின் நடுவே சேற்றுத் திட்டுகளில் எழுந்தது. பழைய வெனிஸ் கட்டுநர்கள் மரக்கம்பங்களைச் சேற்றில் நெருக்கமாக அடித்து, அவற்றின் மேல் இஸ்திரியாக் கல் என்னும் அடர்த்தியான சுண்ணாம்புக்கல்லை அடுக்கினார்கள். ஆட்ரியாட்டிக் கடலின் எதிர்க்கரையிலுள்ள இஸ்திரியா தீபகற்பத்திலிருந்து வந்த கல் அது. அந்தக் கல்லின்மேல்தான் செங்கல் சுவரை எழுப்பினார்கள்.

ஏன் அந்தக் கல்? அதில் நுண்துளைகள் மிகக் குறைவு. தண்ணீர் எளிதில் ஊறாது. வழக்கமாக ஏறும் கடல்மட்டத்துக்கு மேலே கல் நிற்குமாறு கட்டினார்கள். கடல் கல்லைத் தொட்டது, செங்கல்லைத் தொடவில்லை. நமது மெழுகுப் பட்டையைப் போல அது பல நூற்றாண்டுகள் வேலை செய்தது.

பிறகு தண்ணீர் மேலே வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பார்த்தால், நகரத்தை ஒட்டிய கடல்மட்டம் கால் மீட்டருக்கும் மேலாக உயர்ந்திருக்கிறது. கடல் உயர்ந்தது ஒரு காரணம். நிலம் தாழ்ந்தது மற்றொரு காரணம். 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் அருகிலுள்ள தொழிற்சாலைகளுக்காக நிலத்தடி நீரை ஏராளமாக இறைத்ததால் நிலம் மேலும் அமிழ்ந்தது. பல கட்டிடங்களில் இப்போது கடல்நீர் கல்லைத் தாண்டிச் செங்கல்லை எட்டிவிடுகிறது. செங்கல் குடிப்பது உப்பு நிறைந்த நீர் என்பதால், நமது கணக்கிலுள்ள லிட்டருக்கு 1 கிராமை ஏறத்தாழ 30 கிராம் என்று மாற்றிக்கொள்ளுங்கள். அங்குள்ள சுவர்கள் ஏன் உதிர்கின்றன என்று புரியும்.

2020 அக்டோபர் 3 அன்று வெனிஸ் தன் கடற்கழியின் வாயில்களில் அமைத்த பெருங்கதவுகளை முதன்முறையாக வெள்ளத்தின்போது உயர்த்தியது. ஆனால் கடல் சுமார் 110 செ.மீ. குறியீட்டைத் தாண்டும் என்று எதிர்பார்க்கும் நாட்களில்தான் அவற்றை எழுப்புகிறார்கள். அவை வெள்ளத்தை நிறுத்துகின்றன. அன்றாடக் கடல்மட்டத்தை இறக்குவதில்லை. எனவே சுவர் தினமும் தண்ணீர் குடிப்பது நிற்கவில்லை. ஓதத்துக்கு வேண்டிய தீனி வெள்ளமன்று. அடியில் ஓயாது தொட்டுக்கொண்டிருக்கும் கொஞ்சம் தண்ணீர் போதும்.

எங்கள் தெருவும் ஒரு கடல்

வெனிஸ் பற்றிப் படித்த அன்று எங்கள் வீட்டு வாசலில் போய் நின்றேன். என் தந்தையார் சிறுவராக இருந்தபோது தெருவிலிருந்து திண்ணைக்கு நான்கு படிகள் ஏறவேண்டுமாம். எனக்கு நினைவு தெரிந்தபோது மூன்று. இப்போது ஒன்றுதான் இருக்கிறது. படிகள் எங்கும் போகவில்லை. பழைய சாலையின் மேலேயே புதிய சாலை போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துவிட்டது. மூன்று படிகள், அதாவது ஏறக்குறைய அரை மீட்டர் மண்ணுக்குள் புதைந்துவிட்டது.

தாத்தா கட்டிய சுவரில் ஓதத்தடுப்பு அடுக்கு கிடையாது. ஆனால் உயர்ந்த அடித்தளம் இருந்தது. ஏறிய தண்ணீர் அந்த அடித்தளத்தின் வெளிமுகத்திலேயே காற்றில் ஆவியாகி, வீட்டின் தரைமட்டத்தை எட்டுமுன் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. வரவு செலவுக் கணக்கு வீட்டுக்கு வெளியிலேயே முடிந்துவிட்டது! தெரு உயர்ந்ததும் ஆவியாகும் பரப்பு மண்ணுக்குள் போயிற்று. ஓதம் கூடத்துக்குள் வந்தது. வெனிஸில் கடல் உயர்ந்து கல்லை விழுங்கியது. எங்கள் ஊரில் தெரு உயர்ந்து அடித்தளத்தை விழுங்கியது.

பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டே புதிய சாலை போடவேண்டும் என்பதற்கு, மழைநீர் வீட்டுக்குள் வருகிறது என்ற காரணத்தையே எல்லோரும் சொல்கிறார்கள். மழை நின்றால் அந்தத் தண்ணீர் வடிந்துவிடும். மண்ணில் புதைந்த சுவரோ ஆண்டு முழுதும் குடித்துக்கொண்டிருக்கும். என்னைக் கேட்டால் இதுவே பெரிய காரணம்.

சரியான வைத்தியம்

வைத்தியத்துக்கு முன் நோய் இன்னதென்று அறியவேண்டும். ஈரச் சுவரெல்லாம் ஓதமேறிய சுவரன்று. குழாய் கசிந்தாலும், கூரைத் தண்ணீர் இறங்கினாலும் சுவர் நனையும். அப்போது ஈரம் திட்டாக இருக்கும். மேலே அதிகமாகவும் இருக்கலாம். நிலத்திலிருந்து ஏறும் ஓதம் அடியில் மிகுந்து, மேலே போகப்போகக் குறைந்து, ஏறத்தாழ ஒரே மட்டமான கோட்டில் முடியும்.

நாங்கள் இதைச் சோதித்தோம். சுவரில் நான்கு உயரங்களில் துளையிட்டு, 5 செ.மீ. ஆழத்துக்கு உள்ளிருந்து செங்கல் பொடியை எடுத்தோம். துளைப்பானை மெதுவாகச் சுற்றவேண்டும். வேகமாகச் சுற்றினால் சூட்டில் ஈரம் பறந்துவிடும். ஒவ்வொன்றிலும் 10 கிராம் நிறுத்து, காயவைத்து, மறுபடி நிறுத்தோம். 10 செ.மீ. உயரத்துப் பொடி 1.4 கிராம் இழந்தது, 50 செ.மீ. உயரத்துப் பொடி 1.2 கிராம், 100 செ.மீ. உயரத்தில் 0.8 கிராம், 150 செ.மீ. உயரத்தில் 0.1 கிராம் மட்டுமே. தண்ணீர் கீழிருந்துதான் வருகிறது என்பது உறுதியாயிற்று. சுவரில் இரு முனைகளைப் பதித்து மின்கடத்தலால் ஈரத்தைக் காட்டும் சிறு கருவி கடைகளில் கிடைக்கிறது. உப்பேறிய சுவரில் அதை நம்பக்கூடாது. உப்பும் மின்சாரத்தைக் கடத்த உதவுவதால், ஈரத்தை அது மிகையாகக் காட்டிவிடும்.

அடுத்து, வரவைக் குறைத்தோம். கொல்லைப் பக்கத்தில் சுவரை ஒட்டிக் குளியலறைத் தண்ணீர் தேங்கி நின்றது. அதை வாய்க்கால் வெட்டித் தொலைவில் விட்டோம். பக்கத்துச் சந்தில் சுவரை மூடியிருந்த மண்ணை அகற்றி, புதைந்த அடித்தளத்தைக் காற்றுக்குக் காட்டினோம். தெருப்பக்கம் நம்மால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

பிறகு, செலவைக் கூட்டினோம். சிமெண்டுப் பூச்சையும் உப்பேறிய காரையையும் ஈரக்கோட்டுக்கு ஓரடி மேல்வரை கொத்தி எடுத்துச் சுவரைத் திறந்து போட்டோம். அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது சுவர் உலர்வதற்குச் சொல்லப்படும் தோராயக் கணக்கு. எங்கள் 9 அங்குலச் சுவருக்கு ஒன்பது மாதங்கள்! உறவினர் வந்து போகும் கூடத்தில் ஒன்பது மாதம் செங்கல் தெரிய இருப்பது எளிதன்று. என் தந்தையார் பொறுத்துக்கொண்டார். அதன்பின் சிமெண்டு கலக்காத சுண்ணாம்புக் காரை பூசி, சுண்ணாம்பு வெள்ளையே அடித்தோம். அவை ஆவி வெளியேற இடம் தருபவை.

ஒன்றரை ஆண்டில் ஈரக்கோடு 4 அடியிலிருந்து ஓரடிக்கு இறங்கியது. மறைந்துவிட்டதா? இல்லை. வரவைக் குறைத்துச் செலவைக் கூட்டினால் ஓதம் தாழும், நிற்காது. முற்றிலும் நிறுத்த வேண்டுமானால் மெழுகுப் பட்டை வேண்டும்.

பழைய சுவரில் அதை இடுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அடியிலுள்ள ஒரு காரை வரிசையை ரம்பத்தால் முழுக் கனத்துக்கும் அறுத்து, கெட்டியான பிளாஸ்டிக் தகட்டையோ துருப்பிடிக்காத உலோகத் தகட்டையோ செருகி, இடைவெளியைக் கலவையால் இறுக்குவது. ஒரே சமயத்தில் ஒரு மீட்டருக்கும் குறைவான நீளமே அறுக்கலாம். அதை இறுக்கிய பிறகே அடுத்தது. இல்லாவிட்டால் சுவர் இறங்கிவிடும். பொறியாளர் மேற்பார்வை இன்றி இதில் இறங்கக்கூடாது. செலவும் மிகுதி. ஆனால் ஐயத்துக்கு இடமின்றிப் பலன் தருவது இதுவே.

மற்றொன்று, காரை வரிசையில் ஏறத்தாழ 12 செ.மீ. இடைவெளியில் துளைகள் இட்டு, சிலிகான் வகைக் களிம்பைச் செலுத்துவது. இது துளைகளை அடைப்பதில்லை. அவற்றின் உட்சுவரைத் தண்ணீரை வெறுக்கும்படி செய்கிறது. கண்ணாடிக் குழாயில் பாதரசம் மேலே ஏறாமல் தாழ்ந்து நிற்குமே, அதைப் போன்ற நிலை இது. தத்துவம் சரியானது. ஆனால் களிம்பு ஒரு துளையிலிருந்து அடுத்த துளைவரை இடைவெளியின்றிப் பரவவேண்டும். கனமான சுவரிலும், முன்பே தண்ணீர் நிறைந்த துளைகளிலும் அது அரைகுறையாகப் பரவலாம். விட்டுப்போன இடத்தின் வழியே தண்ணீர் ஏறிவிடும். எந்த வழியானாலும் தடுப்பு வெளி நிலமட்டத்துக்கு மேலே இருக்கவேண்டும். கீழே இருந்தால் அது மூழ்கிய மெழுகுப் பட்டைதான்.

எங்கள் வீட்டில் மிக மோசமாயிருந்த ஒரு சுவரை மட்டும் அறுத்துத் தகடு செருகினோம். மற்றச் சுவர்களில் ஓரடி ஓதத்தோடு வாழ்கிறோம். ஆண்டுக்கொரு முறை அந்த ஓரடியைச் சுரண்டிச் சுண்ணாம்பு பூசுகிறோம். பாட்டியின் படம் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது.

அடுத்த முறை உங்கள் வீட்டில் ஓதம் பற்றிப் பேச்சு எழுந்து, "சிமெண்டு பூசிவிடலாம்" என்று யாரேனும் சொன்னால், நீங்கள் வாசலுக்குப் போய்ப் படிகளை எண்ணுங்கள். முன்பு எத்தனை படிகள் இருந்தன என்று வீட்டிலுள்ள மூத்தவரைக் கேளுங்கள். அந்த விடையைத் தெரிந்துகொண்ட பிறகு கொத்தனாரை அழைக்கலாம்.